எட்டு ஸ்லைடில் ஒரு சஸ்பென்ஸ் கதை: முடிச்சை எங்கே போடுவது, எங்கே அவிழ்ப்பது

இன்ஸ்டாகிராமில் விரலால் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்கிற பதிவுகளைக் கேரோசல் என்பார்கள். அப்படி ஒரு பதிவில் ஒரு குட்டிக் கதையைத் துண்டு துண்டாக வைக்கிறோம். ஒவ்வொரு துண்டும் ‘அப்புறம்?’ என்று கேட்க வைக்கிற இடத்தில் நிற்கிறது. கடைசித் துண்டில் அதுவரை படித்ததெல்லாம் வேறு கதையாகிவிடுகிறது. ஸ்லைடு சஸ்பென்ஸ் கதை என்றால் இதுதான்.

2017-இல் இந்த வசதி வந்தபோது ஒரு பதிவில் 10 படங்கள் வரை வைக்க முடிந்தது. 2024-இல் அது 20 ஆனது. இடம் இருக்கிறதே என்று இருபதையும் நிரப்ப வேண்டியதில்லை. ஒரே இடம், ஒரே சம்பவம், இரண்டு பேர் என்று எடுத்துக்கொண்டால் ஏழெட்டு ஸ்லைடு தாராளம். ஸ்லைடுக்கு இருபது சொல்லுக்குள் நிறுத்திக்கொண்டால் மொத்தக் கதையும் நூற்றறுபது சொல்லைத் தாண்டாது.

விளக்கத்துக்கு என்றே எழுதிய கதை ஒன்று கீழே இருக்கிறது. முதலில் அதைப் படித்துவிடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் விரலால் தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

1. இரவு பதினொரு மணி. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். வாசல் கதவின் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது.

2. இடுக்கு வழியாகப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒருவன். பூட்டை உடைக்கவில்லை. அவன் கையில் என் வீட்டுச் சாவி.

3. விளக்கைப் போடவில்லை. இருட்டில் எதிலும் இடித்துக்கொள்ளாமல் நேராகச் சமையலறைக்குப் போனான். ஓர் இழுப்பறையைத் திறந்தான்.

4. கத்தி, மருந்து, மெழுகுவத்தி என்று எல்லாம் கிடக்கிற இழுப்பறை அது. எதையோ எடுத்துக்கொண்டு என் அறைப் பக்கம் திரும்பினான்.

5. அலமாரிக்குள் ஒளிந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவன் அறைக்குள் வந்தான். கட்டில் காலியாகக் கிடந்ததைப் பார்த்தும் அவன் பதறவில்லை.

6. தேடவும் இல்லை. நேராக அலமாரியின் முன்னால் வந்து நின்றான். நான் உள்ளே இருப்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

7. அலமாரிக் கதவு மெல்லத் திறந்தது. என் முன்னால் கீழே உட்கார்ந்தான். மூடியிருந்த கையை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து விரித்தான்.

8. உள்ளங்கையில் இரண்டு மாத்திரை. “போட்டுக்கோம்மா. நான்தான், உன் பையன். நேத்தும் இதே அலமாரிக்குள்ளதான் உட்கார்ந்திருந்தே.”

இதை எழுத ஆரம்பித்தது எட்டாவது ஸ்லைடிலிருந்து. சஸ்பென்ஸ் கதையை முதல் வரியிலிருந்து எழுதிக்கொண்டே போய், முடிவு எங்காவது அகப்படும் என்று காத்திருந்தால் பெரும்பாலும் அகப்படுவது இரண்டே முடிவுகள்தான். ஒன்று, எல்லாம் கனவு. இன்னொன்று, கதை சொல்கிறவரே பேய். இரண்டையும் வாசகர் பலமுறை பார்த்துவிட்டார். அதைவிடப் பெரிய சிக்கல், கனவு என்று சொன்னதும் அதுவரை படித்தது எதற்கும் மதிப்பில்லாமல் போகிறது. சாவி எங்கிருந்து வந்தது, ஏன் நேராக அலமாரிக்கு வந்தான் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லாமலே கதை தப்பித்துவிடுகிறது.

அதனால் முடிவை முதலில் பிடிக்க வேண்டும். இங்கே முடிவு, நினைவு தவறிப்போன ஒரு தாய் தன் மகனையே அடையாளம் தெரியாமல் பயப்படுகிறாள் என்பது. அது கிடைத்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அம்மாவைப் பார்த்துக்கொள்கிற மகன் ராத்திரி வீட்டுக்கு வந்தால் என்னவெல்லாம் செய்வான்? அவனிடம் சாவி இருக்கும். அம்மா தூங்குவாள் என்று விளக்கைப் போட மாட்டான். வீடு பழகின வீடு, அதனால் இருட்டிலும் இடித்துக்கொள்ள மாட்டான். மருந்து எங்கே இருக்கிறது என்று தெரியும். அம்மா எங்கே போய் ஒளிவாள் என்பதும் தெரியும். இந்த ஐந்தும் மகனுக்குச் சாதாரணம். திருடன் என்று நினைத்துப் பார்த்தால் ஐந்தும் குலை நடுங்க வைக்கிறவை. கதைக்கு வேண்டிய பயமெல்லாம் இங்கேயே கிடைத்துவிட்டது. புதிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

ட்விஸ்ட் என்பது கடைசியில் கொண்டுவந்து கொட்டுகிற புதுச் செய்தி இல்லை. வாசகர் கையில் ஏற்கெனவே இருக்கிற செய்திகளுக்கு இன்னோர் அர்த்தம் கிடைப்பதுதான் ட்விஸ்ட். எட்டாவது ஸ்லைடில் அவன் ஒரு போலீஸ்காரன் என்றோ, வேறு வீட்டுக்கு வந்துவிட்டான் என்றோ வைத்துப் பாருங்கள். ஆச்சரியமாக இருக்கலாம். ஆனால் நேராக அலமாரிக்கு வந்தது ஏன் என்பது தொங்கிக்கொண்டே நிற்கும். ‘நேத்தும் இதே அலமாரிக்குள்ளதான்’ என்கிற அந்தச் சின்ன வாக்கியம் இல்லாவிட்டால் மகன் என்கிற முடிவுகூட அரைகுறைதான். அவன் மகன் என்று சொல்வது, ‘இவன் யார்’ என்ற கேள்விக்குப் பதில். நேற்று என்ற சொல், ‘அலமாரி என்று எப்படித் தெரிந்தது’ என்ற கேள்விக்குப் பதில். கூடவே, இது தினமும் நடக்கிறது என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

சரி, முடிவு கிடைத்தது, தடயங்களும் கிடைத்தன. இனி எங்கே வெட்டுவது?

ஒவ்வொரு ஸ்லைடின் கடைசியிலும் ஒரு முடிச்சு விழ வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான். அந்த முடிச்சை அடுத்த ஸ்லைடு உடனே அவிழ்க்கவும் வேண்டும், அவிழ்க்கிற அதே வேகத்தில் இன்னொன்றைப் போடவும் வேண்டும். முதல் ஸ்லைடில் கேள்வி, பூட்டைத் திறப்பது யார். இரண்டாவது ஸ்லைடு பதில் சொல்கிறது: தெரியாத ஒருவன். ஆனால் அவனிடம் சாவி இருக்கிறது, அது எப்படி? மூன்றாவதில் அந்தச் சாவிக்கு நேரடியாகப் பதில் வரவில்லை, ஆனால் அவனுக்கு வீடே தெரிந்திருக்கிறது என்று கேள்வி பெரிதாகிறது. கூடவே ஓர் இழுப்பறை திறக்கிறது. அதில் என்ன? நான்காவது ஸ்லைடு அதைச் சொல்லிவிட்டு, எதை எடுத்தான் என்பதை மட்டும் மறைக்கிறது.

கவனித்தால் இங்கே இரண்டு அளவில் கேள்விகள் ஓடுவது தெரியும். சின்னக் கேள்விகள் அடுத்தடுத்த ஸ்லைடில் தீர்ந்துவிடுகின்றன. இவன் யார், கையில் என்ன என்ற பெரிய கேள்விகள் இரண்டும் கடைசி வரைக்கும் கூடவே வருகின்றன. சின்னக் கேள்விக்கே பதில் கொடுக்காமல் நான்கு ஸ்லைடு இழுத்தால் வாசகருக்கு எரிச்சல் வரும். பெரிய கேள்வி இல்லாமல் சின்னதை மட்டும் கேட்டுக் கேட்டுத் தீர்த்தால், நடுவில் ஏதோ ஒரு ஸ்லைடில் ‘சரி, அவ்வளவுதானா’ என்று விரல் மேலே தள்ளிவிட்டுப் போய்விடும். நடுவில் ஆள் விலகுவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒரு காரணத்தால்தான்.

பொய் முடிச்சு என்று ஒன்று உண்டு. கதவு படாரென்று திறந்தது என்று முடித்துவிட்டு, அடுத்ததில் ‘காற்றுதான்’ என்பது. ஒருமுறை செய்தால் வாசகர் மன்னிப்பார். இரண்டாவது முறை செய்தால் அதன் பிறகு எந்த முடிச்சையும் நம்ப மாட்டார். இத்தனை சின்னக் கதையில் அந்த ஒருமுறைகூட வேண்டாம் என்பேன். ஸ்லைடின் அடியில் ‘அடுத்து நடந்தது என்ன தெரியுமா?’ என்று எழுதுவதும் இதே ரகம். வாக்கியம் செய்ய வேண்டிய வேலையை அறிவிப்புப் பலகை செய்கிறது.

முடிச்சு எப்போதும் ஆபத்தாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஐந்தாவது ஸ்லைடைப் பாருங்கள். அங்கே யாரும் கத்தவில்லை, எதுவும் உடையவில்லை. ஓர் ஆள் பதறவில்லை, அவ்வளவுதான். நடக்க வேண்டியது நடக்காமல் போவதும் ஒரு முடிச்சுதான். சத்தமான முடிச்சுகளை அடுக்கிக்கொண்டே போனால் ஐந்தாறு ஸ்லைடுக்குள் சத்தம் பழகிவிடும். நடுவில் ஓரிடத்தில் இப்படிக் குரலைத் தாழ்த்தினால் அடுத்தது உறைக்கும்.

இப்போது நேர்மை பற்றி. சஸ்பென்ஸ் கதையில் வாசகரிடம் மறைக்கலாம், பொய் சொல்லக் கூடாது. இந்த விதியை வைத்து நம் கதையின் ஒவ்வொரு வரியையும் தட்டிப் பார்க்கலாம். ‘வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.’ உண்மை. மகன் அந்நேரம் வெளியே இருந்தான். ‘என் வீட்டுச் சாவி.’ அவள் வீடுதான். ‘முன்பின் தெரியாத ஒருவன்.’ இங்கேதான் கொஞ்சம் நெருடும். பெற்ற மகனைத் தெரியாதவன் என்பது பொய்யில்லையா? அவளைப் பொறுத்தவரை பொய்யில்லை. அந்த நிமிஷம் அவளுக்கு அவனைத் தெரியவில்லை. அவள் ஏமாற்றவில்லை. அவள் நம்பியதைத்தான் சொன்னாள். முடிவு தெரிந்ததும் வாசகருக்கு அந்த வரி பொய்யாகப் படாமல் வலியாகப் படும்.

இதே தொடக்கத்துக்கு இன்னொரு முடிவும் வைக்கலாம். கதை சொல்கிறவரே திருடன், உள்ளே வந்தவர்தான் வீட்டுக்காரர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படி எழுத வேண்டுமென்றால் ‘என் வீட்டுச் சாவி’, ‘என் அறை’ என்ற சொற்கள் எங்கேயும் வரக் கூடாது. ஒரு திருடன் மனசுக்குள்கூட அப்படி நினைக்க மாட்டான். வெறும் ‘சாவி’, வெறும் ‘அறை’ என்று எழுதிக்கொண்டு போக வேண்டும். ‘வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்தேன்’ என்பதுபோல இரண்டு பக்கமும் பொருந்துகிற வரிகளைத் தேடித் தேடிச் சேர்க்க வேண்டும். முடியாத காரியம் இல்லை, கை கட்டிக்கொண்டு எழுதுவது மாதிரி இருக்கும். முதன்முதலாக எழுதுகிற கதைக்கு, தான் சொல்வதைத் தானே நம்புகிற ஒருவரைக் கதை சொல்ல வைப்பது எவ்வளவோ சுலபம்.

தமிழில் எழுதும்போது இன்னொரு விஷயம் இருக்கிறது. நம் வினைச்சொல் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். ‘ஒளிந்துகொண்டாள்’ என்று ஒரே ஒரு சொல் போட்டாலே பெண் என்று தெரிந்துவிடும். ‘ஒளிந்துகொண்டார்’ என்றால் பெரியவர் என்று தெரிந்துவிடும். ‘ஒளிந்துகொண்டேன்’ என்பதில் எதுவும் தெரியாது. இந்தக் கதை ‘நான்’ என்று போவதற்குக் காரணம் அதுதான். ஒளிந்திருப்பவர் யார், என்ன வயது என்று எட்டாவது ஸ்லைடில் ‘போட்டுக்கோம்மா’ என்ற சொல் வரும்வரை வாசகர் தன் இஷ்டத்துக்கு ஓர் ஆளைக் கற்பனை செய்துகொண்டிருப்பார். படர்க்கையில்தான் எழுத வேண்டும் என்று இருந்தால், மறைக்க வேண்டிய ஆளின் செயலை வினைமுற்றில் வைக்காமல், ‘அலமாரிக்குள் ஒளிந்திருந்த உருவம்’ என்பதுபோலச் சுற்றி வர வேண்டியிருக்கும். ஒரு வரிக்குச் சரி, எட்டு ஸ்லைடுக்குத் தாங்காது.

நான்காவது ஸ்லைடின் பட்டியலையும் பார்த்துவிடலாம். ‘கத்தி, மருந்து, மெழுகுவத்தி.’ விடை அங்கேயே, வாசகரின் கண்முன்னாலேயே கிடக்கிறது. ஆனால் பயந்துபோயிருக்கிற வாசகர் முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுகிறார். நடுவில் இருப்பதைக் கண் தாண்டிப் போய்விடும். மூன்றாவதாக ஒன்று இருப்பதால் நடுவில் இருப்பது உறுத்துவதும் இல்லை. தடயத்தை ஒளிக்க இது பழைய, நம்பகமான இடம். மருந்தைக் கடைசியில் வைத்திருந்தால் அதன் எதிரொலி அடுத்த வாக்கியம் வரைக்கும் கேட்டிருக்கும்.

நேரமும் இப்படித்தான். இரவு இரண்டு மணி என்று வைத்திருந்தால் பயம் இன்னும் கூடியிருக்கும். ஆனால் முடிவைப் படித்த வாசகர், இரண்டு மணிக்கா அம்மாவுக்கு மாத்திரை கொடுப்பார்கள் என்று கேட்பார். பதினொரு மணி என்றால் வேலை முடிந்து தாமதமாக வந்த மகன் என்று அவரே நிரப்பிக்கொள்வார்.

எழுத்து வேலை முடிந்தது. இனித் திரை. ஒரு நல்ல முடிச்சைத் திரை கெடுத்துவிடுகிற இடங்கள் சில உண்டு.

இடது பக்கமாகத் தள்ளும்போது அடுத்த ஸ்லைடின் இடது ஓரம்தான் முதலில் எட்டிப் பார்க்கும். வாசகர் விரலை எடுக்காமல் மெல்ல இழுத்தால் ஒவ்வொரு வரியின் முதல் சொல்லும் முன்கூட்டியே தெரிந்துவிடும். எட்டாவது ஸ்லைடு ‘மாத்திரை’ என்று ஆரம்பித்திருந்தால் ஓரம் தெரிந்த உடனே கதை முடிந்துவிடும். ‘உள்ளங்கையில் இரண்டு மாத்திரை’ என்று இருப்பதால் முதலில் தெரிவது உள்ளங்கை மட்டும். வரி உடையும்போதும் இதைக் கவனிக்க வேண்டும். மாத்திரை என்ற சொல் அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் பட்ட பாடு வீண்.

அடுத்தது எண்ணிக்கை. படத்தின் மூலையில் 3/8 என்று தெரியும், கீழே புள்ளிகளும் தெரியும். புத்தகத்தில் கையில் மிச்சமிருக்கும் தாள்களை வைத்து முடிவு நெருங்குவதை ஊகிப்பதுபோல, இங்கே 7/8 என்று பார்த்ததும் வாசகர் தயாராகிவிடுவார். அதை மறைக்க முடியாது, அதனால் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஏழாவது ஸ்லைடில் கை விரிவதோடு நிறுத்தியது அதற்காகத்தான். மற்ற எந்த ஸ்லைடையும்விட அங்கே நின்றுவிட மனம் வராது. ‘பிடித்திருந்தால் பகிருங்கள்’ என்று ஒன்பதாவது ஸ்லைடு சேர்த்தால் எட்டில் வரவேண்டிய முடிவு கடைசிக்கு முந்தியதாகிவிடும். வாசகர் இன்னும் ஒரு திருப்பம் இருக்கிறது என்று நம்பித் தள்ளுவார், விளம்பரத்தில் போய் முட்டிக்கொள்வார்.

இரண்டாவது ஸ்லைடுக்கு ஒரு தனி வேலை இருக்கிறது. முதல் ஸ்லைடைப் பார்த்துவிட்டுத் தள்ளாமல் போனவருக்கு இன்ஸ்டாகிராம் சில சமயம் அதே பதிவை இரண்டாவது ஸ்லைடிலிருந்து மறுபடியும் காட்டும். ஆகவே அது தனியாக நின்றாலும் இழுக்க வேண்டும். ‘அவன் கையில் என் வீட்டுச் சாவி’ என்பது முதல் ஸ்லைடு இல்லாமலும் புரியும். ‘அதைக் கேட்டதும் நடுங்கிவிட்டேன்’ என்று ஆரம்பித்திருந்தால், எதைக் கேட்டு என்று தெரியாமல் புதிதாக வந்தவர் நகர்ந்துவிடுவார்.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1080-க்கு 1350 பிக்சல் அளவு, எல்லா ஸ்லைடுக்கும் ஒரே பின்னணி, எழுத்து 60 பிக்சலுக்குக் குறையாமல். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஒரு வரியில் மூன்று நான்கு சொல்தான் உட்காரும். இருபது சொல் வரம்பு அதனாலும்தான். கடைசி ஸ்லைடுக்கு மட்டும் வேறு நிறம் கொடுக்கும் ஆசை வரும். கொடுக்காதீர்கள், ஓரம் எட்டிப் பார்க்கும்போதே நிறம் காட்டிக் கொடுத்துவிடும். படத்தின் கீழே எழுதும் குறிப்பிலும் அம்மா, மறதி போன்ற சொற்கள் வரக் கூடாது. அதன் முதல் வரி கதையோடு சேர்ந்தே கண்ணில் படும்.

வெளியிடுவதற்கு முன்னால் கதை தெரியாத ஒருவர் கையில் போனைக் கொடுத்து, எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலைப் பாருங்கள். கடைசி ஸ்லைடுக்குப் பிறகு விரல் பின்னோக்கித் தள்ளி நான்காவது ஸ்லைடைத் தேடினால் தடயம் சரியான இடத்தில் இருக்கிறது. எட்டிலேயே நின்று “ஓ” என்று மட்டும் சொன்னால், முடிவு புரிந்திருக்கிறது, ஆனால் முன்னால் இருந்தவற்றோடு அது ஒட்டவில்லை. நடுவிலேயே யாராவது “பையன்தானே?” என்று கேட்டுவிட்டால், எந்த ஸ்லைடில் அப்படித் தோன்றியது என்று கேளுங்கள். நான்கில் என்றால் மருந்து என்ற சொல்லைத் தூக்கிவிட வேண்டாம், தூக்கினால் முடிவு வானத்திலிருந்து விழுந்ததாகிவிடும். அதன் பக்கத்தில் இருப்பதை மாற்றுங்கள். மெழுகுவத்தியை எடுத்துவிட்டு, கத்தியைவிட லேசாகப் பயமுறுத்துகிற கத்தரிக்கோல் மாதிரி ஒன்றை வைத்தால் கண் இரண்டு முனைகளுக்கும் ஓடும், நடுவில் இருப்பது இன்னும் கொஞ்சம் மங்கும். ஐந்திலோ ஆறிலோ தோன்றியது என்றால், பதறவில்லை என்பதும் தேடவில்லை என்பதும் தனித்தனி ஸ்லைடில் இருப்பதால் அவருக்கு யோசிக்க நேரம் கிடைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே ஸ்லைடில் சேர்த்து, கதையை ஏழு ஸ்லைடாக்கிவிடலாம்.